விடை சொல்லுமுன் எத்தனை நொடி விடுவது?

சோழவந்தான் வெற்றிலை

அம்மாவின் குரலில் விடுகதைகளைப் பதிவு செய்து யூடியூபில் போட்டு வருகிறேன். மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான வீடியோ, அதில் எட்டு விடுகதைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே அமைப்புதான். அம்மா விடுகதையைச் சொல்வார், திரையில் 10 விநாடி கடிகாரம் ஓடும், பிறகு விடை.

பார்வையாளர் எங்கே நிற்கிறார், எங்கே விலகுகிறார் என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. கடிகாரம் ஓடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பள்ளம். விடை வந்ததும் ஒரு மேடு. எட்டுப் பள்ளம், எட்டு மேடு, நடுவே ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஐந்தாவது விடுகதைக்கு வருவதற்குள் பாதிப் பந்தி எழுந்துவிடுகிறது.

உதாரணத்துக்கு இது:

ஆயிரம் தச்சர் கூடி
அழகான மண்டபம் கட்டி
ஒருவன் கண்பட்டு
உடைந்ததாம் மண்டபம்.

விடை தேன்கூடு என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவருக்கு யோசிக்க நேரம் வேண்டும் அல்லவா? இடைவெளியை மூன்று விநாடியாகக் குறைத்துவிடலாமா? மேடு இருப்பதால் விடை பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். பள்ளம்தான் பிரச்சினை.

தட்டச்சன்

குறைத்துவிடுங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கைப்பேசியில் பார்ப்பவருக்குப் பொறுமை கிடையாது. திரையில் எதுவும் நடக்காத 10 விநாடி என்பது கடையைத் திறந்துவைத்துவிட்டுக் கல்லாவில் ஆள் இல்லாமல் போவது மாதிரி. மூன்று விநாடி போதும். நான் சமையல் வீடியோ செய்கிறேன். வெங்காயம் வதங்குவதை முழுவதும் காட்டிய காலத்தில் எனக்கும் இதே பள்ளம் இருந்தது. வெட்டினேன், போய்விட்டது.

செல்வி டீச்சர்

வெங்காயம் வதங்கும்போது பார்ப்பவருக்கு வேலை இல்லை தம்பி. விடுகதையில் அந்த நேரத்தில்தான் அவருக்கு வேலையே இருக்கிறது. இரண்டையும் ஒரே கத்தியால் நறுக்காதீர்கள்.

மூன்று விநாடி என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார் என்று கண்டார். அதை மூன்று விநாடிக்கு நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து மனத்துக்குள் எண்ணிக்கொண்டே கேள்வி கேட்கிறேன்.

ஆனால் அந்த மூன்றை அப்படியே எடுத்து வீடியோவில் ஒட்ட முடியாது. வகுப்பில் நான் முகங்களைப் பார்க்கிறேன். ஒரு பிள்ளை உதட்டை அசைத்தால் இன்னும் கொஞ்சம் பொறுப்பேன். வீடியோவுக்குக் கண் இல்லை.

வெட்டுமேசை

படத்தொகுப்பு என் தொழில். வினாடி வினா நிகழ்ச்சிகளுக்கும் சில ஆண்டுகள் வெட்டியிருக்கிறேன். உங்கள் வீடியோவைப் பார்த்தேன். எத்தனை விநாடி என்ற கேள்விக்கு முன்னால் இரண்டு விஷயங்கள்.

ஒன்று, அம்மா "உடைந்ததாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் தொடங்கிவிடுகிறது. அதைவிட மோசம், கடிகாரம் வந்ததும் விடுகதையின் வரிகள் திரையை விட்டுப் போய்விடுகின்றன. நான்கு வரி விடுகதையை ஒரே ஒருமுறை கேட்டவன் எதை வைத்துக்கொண்டு யோசிப்பான்? முதல் வரியை நினைவுபடுத்துவதிலேயே அவனுக்கு நான்கைந்து விநாடி போய்விடும். நீங்கள் 10 விநாடி தருவதாக நினைக்கிறீர்கள், அவன் கையில் கிடைப்பது ஐந்து. அந்த ஐந்திலும் யோசிக்கப் பொருள் இல்லாததால் தாண்டுகிறான்.

இரண்டாவது, அந்த மேடு. அது கைதட்டல் என்று நினைத்திருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யூடியூபில் திரையின் வலப்பக்கம் இரண்டு முறை தட்டினால் வழக்கமாக 10 விநாடி தாண்டும். உங்கள் கடிகாரமும் 10 விநாடி. கடிகாரத்தின் மூன்றாவது விநாடியில் தட்டுகிறவன், விடை வந்து மூன்று விநாடி கழிந்த இடத்தில் போய் விழுகிறான். உங்கள் விடை திரையில் இருப்பதே இரண்டு விநாடி. அவன் கண்ணைத் திறக்கும்போது அம்மா அடுத்த விடுகதையைத் தொடங்கியிருப்பார். விடையைக் காணோம் என்று பின்னால் தட்டுகிறான், மறுபடி 10 விநாடி, மறுபடி கடிகாரம். இந்த முறை எரிச்சலுடன் காத்திருந்து விடையைப் பார்க்கிறான். உங்கள் மேடு இதுதான். மீண்டும் மீண்டும் பார்க்கப்படும் இடமெல்லாம் பிடித்த இடம் ஆகிவிடாது.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. மேடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். சரியாக விடையிலிருந்து தொடங்கினால் நான் சொன்னது தவறு. கடிகாரத்தின் நடுவிலிருந்தே ஏறத் தொடங்கினால் அது பின்னால் தட்டியவர்களின் கூட்டம்.

தட்டச்சன்

அதைத்தானே நானும் சொன்னேன்? கடிகாரத்தைக் குறைத்தால் தட்டவே வேண்டியதில்லை.

வெட்டுமேசை

தட்டுகிறவன் எல்லோரும் கணக்குப் பார்த்துத் தட்டுவதில்லை. பழக்கத்தில் தட்டுவான். கடிகாரத்தை 6 விநாடியாக்கி, விடையை 2 விநாடியிலேயே விட்டுவைத்தால் என்ன ஆகும்? இரண்டாவது விநாடியில் தட்டுகிறவன் விடைக்குப் பின் ஆறாவது விநாடியில் விழுவான். முன்பைவிட மோசமாகத் தவறவிடுவான். இடைவெளியைக் குறைக்கக் குறைக்க, விடைப் பகுதி நீள வேண்டும், எட்டு விநாடி அளவுக்காவது. இதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை.

சோழவந்தான் வெற்றிலை

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டில் ஆறு மேடுகள் கடிகாரத்தின் நடுவிலேயே ஏறத் தொடங்குகின்றன. இத்தனை நாள் அந்த மேட்டை அம்மாவிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்!

கேள்வி மாறிவிட்டது. விடை "தேன்கூடு" என்ற ஒரு சொல். அதை வைத்துக்கொண்டு எட்டு விநாடிக்கு என்ன செய்வது?

மட்டக்களப்பு வாவி

தலைப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். ஒன்றுக்கு மேல் விடாதீர்கள். எங்கள் அம்மம்மா ஒரு நொடியை விட்டால், அதை அவிழ்க்கும்வரை அடுத்ததைச் சொல்லவே மாட்டார். இரண்டு மூன்று நொடிகளை ஒன்றாக விட்டால் பிள்ளைகள் முதலாவதை மறந்துவிடும்.

செல்வி டீச்சர்

ஐயா, இங்கே கேட்பது விநாடிக் கணக்கு. :)

மட்டக்களப்பு வாவி

அட, அப்படியா? எங்கள் பக்கம் விடுகதையைத்தான் நொடி என்போம், டீச்சர். "எத்தனை நொடி விடுவது" என்று எழுதியிருந்தால் வேறு எப்படி வாசிப்பேன்?

வந்தது வந்துவிட்டேன், ஒன்று சொல்கிறேன். அம்மம்மாவிடம் மணிக்கூடு எதுவும் இல்லை. நாங்கள் ஏதாவது உளறுவோம், அவர் "இல்லை, கிட்ட வந்துவிட்டாய்" என்பார். இன்னும் உளறுவோம். கடைசியில் "தோற்றேன்" என்று வாயைத் திறந்து சொன்னால்தான் விடை வரும். சொல்லாமல் அடம் பிடித்தால் மறுநாள் காலை வரை கூட இழுப்பார். ஒருமுறை என் தம்பி இரவெல்லாம் உறங்காமல் கிடந்து, விடியற்காலையில் அவரை எழுப்பித் "தோற்றேன்" என்றான்.

வெட்டுமேசை

வாவி அண்ணன் தவறாக வாசித்தாலும் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். "கிட்ட வந்துவிட்டாய்" என்பது ஒரு துப்பு. வெறும் கடிகாரத்துக்குப் பதிலாக இடைவெளியின் நடுவில் ஒரு துப்பு வைத்தால், விடை தெரியாமல் தட்டப் போனவன் இன்னும் மூன்று விநாடி இருப்பான். உங்கள் தேன்கூட்டுக்கு ஒரு துப்பு: "இந்தத் தச்சர்கள் மரத்தால் கட்டமாட்டார்கள்." தேனீ தன் வயிற்றில் சுரக்கும் மெழுகால் கூடு கட்டுகிறது. துப்பு பொய் சொல்லவில்லை, காட்டியும் கொடுக்கவில்லை.

ஏட்டுச்சுவடி

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். வீடியோ பற்றி எனக்குத் தெரியாது. எட்டு விநாடிக்கு என்ன செய்வது என்ற கேள்விக்குத் தொல்காப்பியர் பக்கம் போனால் ஏதோ கிடைக்கும் போலிருக்கிறது.

விடுகதையை அவர் பிசி என்கிறார். "ஒப்பொடு புணர்ந்த உவமத்தானும் தோன்றுவது கிளந்த துணிவினானும் என்றிரு வகைத்தே பிசிநிலை வகையே." ஒரு வகை, உவமையை முன்னால் நிறுத்திப் பொருளை ஒளிப்பது. மற்றது, பொருளின் இயல்புகளையே சொல்லி அது எது என்று கேட்பது. உரையாசிரியர் பேராசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: "பிறை கவ்வி மலை நடக்கும்." நான்கே சொல்லில் யானை. பிறை தந்தம், மலை உடல்.

இதில் இன்பம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். "யானை" என்று கேட்டதும் மனம் திரும்பிப் போய்ப் பிறையைத் தந்தமாகவும் மலையை உடலாகவும் பார்க்கிறது. அந்தத் திரும்பிப் போதலுக்கு நேரம் வேண்டும். தம்பியின் வீடியோவில் விடை வந்த இரண்டாவது விநாடியில் அடுத்த விடுகதை வந்து, திரும்பிப் போகிறவனின் கழுத்தைப் பிடித்து முன்னால் தள்ளுகிறது.

வெட்டுமேசை

ஐயா சொன்னதை அப்படியே திரைக்குக் கொண்டுவரலாம். தேன்கூட்டை இப்படி வெட்டுவேன்.

அம்மா விடுகதையை ஒருமுறை சொல்கிறார், சொல்லச் சொல்ல வரிகள் ஒவ்வொன்றாகத் திரையில் அமர்கின்றன. இரண்டாவது முறை கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறார். அவர் வாய் மூடிய பிறகுதான் கடிகாரம். அது ஓரத்தில் சிறு வட்டமாக இருக்கட்டும், வரிகள் நடுவில் அப்படியே நிற்கட்டும். ஏழு விநாடி, நடுவில் அந்தத் துப்பு. பின்னணிப் படம் மண்டபமாகவே இருக்கட்டும். விடுகதை எதைப் பொய்யாகக் காட்டுகிறதோ அதையே நாமும் காட்டுவோம். பின்னணியில் மஞ்சள் நிறத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இப்போதைய வீடியோவில் தேன் நிறப் பின்னணி போட்டுப் பாதி விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கடிகாரம் முடிந்ததும் அரை விநாடி முழு அமைதி. டிக்டிக் ஒலியும் நிற்க வேண்டும். அந்த அரை விநாடியில்தான் காது நிமிரும். பிறகு அம்மாவின் குரலில் "தேன்கூடு", அதே கணத்தில் மண்டபம் மறைந்து கூடு. ஒலி முந்தினால் படம் சப்பென்று ஆகிவிடும், இரண்டும் ஒன்றாக விழ வேண்டும்.

அதற்குப் பிறகு பழைய வரிகள் திரையிலேயே இருக்க, ஒவ்வொன்றாக ஒளிரும். "ஆயிரம் தச்சர்", தேனீக்கள் மொய்ப்பது. "அழகான மண்டபம்", அறுகோண அறைகள் நெருக்கத்தில். கடைசியாகத்தான் "ஒருவன் கண்பட்டு". கேட்கும்போது கண்ணேறு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே தேன் எடுக்கிறவன் கண்ணில் கூடு பட்டுவிட்டது, அவ்வளவுதான். இந்த விடுகதையின் சாவி அந்தச் சொல். அதை முதலில் விளக்கிவிட்டால் மற்ற இரண்டும் வெறும் பட்டியல் ஆகிவிடும். பிறகு ஒன்றரை விநாடி சும்மா விடுங்கள். மொத்தம் எட்டு விநாடி வந்துவிடும். கடிகாரத்தின் மூன்றாவது விநாடியில் தட்டினவனும் விடைக்குள்தான் விழுவான்.

குறும்பன்

சின்னத் திருத்தம். எங்கள் ஊர்ப் பக்கம் உயரமான மரத்தில் தொங்கும் மலைத்தேனீக் கூட்டில் ஆயிரம் என்ன, பல்லாயிரம் தேனீ இருக்கும். அதோடு "கண்பட்டு" மட்டும் உடையாது, புகை போட வேண்டும். வெறும் கண்ணை நம்பி ஏறினால் மண்டபத்துக்கு ஒன்றும் ஆகாது, ஏறினவன் முகம்தான் மண்டபம் ஆகும்.

வேறு ஒரு புகார். நான்காவது விடுகதை "கண்ணில் தெரியும், கையில் பிடிபடாது." புகை என்று விடை சொன்னீர்கள். நான் நிழல் என்றேன். என் மகள் நிலா என்றாள். மூன்றில் எது தவறு? தோற்ற மாதிரியும் இல்லை, ஜெயித்த மாதிரியும் இல்லை. அந்த இடத்தில் மூடிவிட்டுப் போய்விட்டோம்.

ஏட்டுச்சுவடி

மூன்றும் சரிதான். இது இரண்டாம் வகைப் பிசி, இயல்பைச் சொல்வது. ஓர் இயல்பை மட்டும் சொன்னால் அந்த இயல்புள்ள பொருள் எல்லாம் வந்து வரிசையில் நிற்கும். திண்ணையில் கேட்கும்போது சிக்கல் இல்லை. "நிழல்" என்று ஒருவன் சொன்னால் பாட்டி "அதுவும் சரிதான், ஆனால் நான் நினைத்தது அது இல்லை" என்பாள். வீடியோவால் அப்படிச் சொல்ல முடியாது. உவமை வகையில் இந்தத் தொல்லை குறைவு, பிறையையும் மலையையும் ஒன்றாகச் சுமக்கிற விலங்கு வேறு இல்லை.

சோழவந்தான் வெற்றிலை

அந்த விடுகதையின் கீழே நாற்பது கமெண்ட், எல்லாம் சண்டை. கமெண்ட் நிறைய வருகிறதே என்று மகிழ்ந்தேன், இதையும் தவறாகத்தான் வாசித்திருக்கிறேன் போலும்.

ஒரு சந்தேகம். "காய்க்கும், பூக்கும், கலகலக்கும், காகம் உட்கார இடமில்லை." இதற்கு நெல் என்பது அம்மா சொல்லும் விடை. அடுத்த வீடியோவில் போட இருந்தேன். வீட்டில் ஐந்து பேரிடம் கேட்டேன், இருவர் நெல், ஒருவர் மிளகாய், இருவர் தெரியவில்லை என்றார்கள். மிளகாய் என்றவர் விடவில்லை. செடி பூக்கிறது, காய்க்கிறது, வற்றலை ஆட்டினால் கலகலக்கிறது, காகம் உட்காராது என்கிறார்.

குறும்பன்

மிளகாய்ச் செடியில் காகம் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன்.

ஏட்டுச்சுவடி

கலகலக்கும் என்பது செடியில் நிற்கும்போதே நிகழ வேண்டும் என்று நான் கொள்வேன். விளைந்த கதிர் காற்றில் சலசலக்கிறது, வற்றல் கூடையில்தான் சலசலக்கிறது. ஆனால் மிளகாய் என்றவரை முழுதாக மறுக்க எனக்குத் துணிவில்லை.

வெட்டுமேசை

ஐந்து பேரிடம் கேட்டது மிக நல்ல பழக்கம். என் வழக்கத்தைச் சொல்கிறேன். யாராவது வேறு விடை சொன்னால், அந்த விடையை வைத்தே ஒவ்வொரு வரியையும் பொருத்திக் காட்டச் சொல்வேன். ஒரு வரியிலாவது திணறினால் விடுகதை பிழைத்தது. திணறாமல் பொருத்திவிட்டால், ஒன்று அதை ஒதுக்குவேன், அல்லது விடைப் பகுதியில் "மிளகாய் என்று நினைத்தவர்களும் தவறில்லை" என்று அம்மாவைச் சொல்ல வைப்பேன். அந்த ஒரு வாக்கியம் சண்டையைக் குறைக்கும்.

கூட்டல் கழித்தல்

நான் கணக்குப் புதிர் வீடியோ செய்கிறேன். நீங்கள் சொல்லும் விடை முறை எனக்கு வேலை செய்யவில்லை. கேள்வி இது: மட்டையும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய், மட்டை பந்தைவிட 100 ரூபாய் கூடுதல், பந்து என்ன விலை? அரை விநாடி அமைதி, டங் என்ற ஒலி, "5 ரூபாய்". கமெண்ட்டில் திட்டுகிறார்கள், 10 ரூபாய் என்பதே சரி என்று அடித்துச் சொல்கிறார்கள்.

வெட்டுமேசை

இது வேறு இனம். ஷேன் ஃபிரெடெரிக் என்ற ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட சிந்தனைச் சோதனையில் டாலர் கணக்கில் இதே கேள்வி இருக்கிறது. முதலில் மனத்தில் தோன்றும் 10 என்ற தவறான விடைக்காகவே செய்த கேள்வி. விடுகதையில் பார்வையாளர் விடை இல்லாமல் காத்திருக்கிறார். இங்கே அவர் இரண்டாவது விநாடியிலேயே விடையுடன் காலை நீட்டி அமர்ந்துவிட்டார். அவரிடம் போய் "5" என்றால் நீங்கள்தான் தவறு என்று தோன்றும்.

எனவே விடைக்கு முன் அவருடைய விடையை எடுத்துக்கொள்ளுங்கள். "பந்து 10 ரூபாய் என்றால் மட்டை 110. இரண்டும் சேர்ந்து 120." அங்கே நிறுத்துங்கள். ஒலி எதுவும் வேண்டாம். அவரே நெளிவார். இரண்டு விநாடி கழித்து "பந்து 5, மட்டை 105." அவ்வளவுதான். இந்த வகையில் இன்பம் விடையில் இல்லை, 120 என்ற எண்ணில்தான் இருக்கிறது.

கூட்டல் கழித்தல்

120ஐக் காட்டலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இடைவெளியை நீட்ட வேண்டுமா?

வெட்டுமேசை

வேண்டாம் என்பேன். 10 என்று முடிவு கட்டியவன் 20 விநாடி கொடுத்தாலும் பெரும்பாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். வேண்டுமானால் இடைவெளியின் முடிவில் "நிச்சயமாகவா?" என்று ஒரு சொல் போடுங்கள்.

மல்லிகைப்பந்தல்

இத்தனை பேர் பேசியும் யாரும் சொல்லாத ஒன்று. என் தங்கைக்குக் காது கேட்காது. வசன வரிகளை வைத்துத்தான் பார்ப்பாள். உங்கள் வீடியோவில் அவளுக்கு விடுகதையே கிடையாது. "உடைந்ததாம் மண்டபம். தேன்கூடு." என்று ஒரே வரியாக வந்து, கடிகாரம் முழுவதும் அப்படியே நிற்கிறது. அவளுக்கு மட்டும் எட்டு விடையும் முன்கூட்டியே வந்துவிட்டது.

சோழவந்தான் வெற்றிலை

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. தானாக உருவான வசனங்களை அப்படியே விட்டிருந்தேன், ஒருமுறை கூடப் பார்க்கவில்லை.

வெட்டுமேசை

வசனக் கோப்பை நீங்களே எழுதி ஏற்றுங்கள். விடைக்குத் தனி எண், தனி நேரம். அம்மா 1:31இல் முடிக்கிறார், ஏழு விநாடி கடிகாரம், அரை விநாடி அமைதி என்றால் இப்படி:

```
12
00:01:27,000 --> 00:01:31,000
ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்

13
00:01:38,500 --> 00:01:41,000
தேன்கூடு
```

நடுவில் ஏழரை விநாடி வெற்றாக இருப்பதைப் பாருங்கள். துப்பையும் அம்மா குரலில் சொல்வதானால் அதற்கும் அந்த இடைவெளியில் ஓர் எண் வேண்டும்.

இன்னொரு கசிவும் உண்டு. கீழே உள்ள கோட்டில் விரலை இழுத்தால் சிறு படங்கள் தெரியும். விடையைத் திரை முழுவதும் பெரிய எழுத்தில் போட்டால் அந்தச் சிறு படத்திலேயே படித்துவிடலாம். விடையைப் படமாகக் காட்டி, எழுத்தைச் சிறிதாக வையுங்கள்.

தட்டச்சன்

எல்லாவற்றையும் விட எளிய வழி, விடையைச் சொல்லாமல் விட்டுவிடுவது. "விடை தெரிந்தால் கமெண்ட்டில் எழுதுங்கள்" என்றால் ஆயிரம் கமெண்ட் வரும். பல சேனல்கள் அப்படித்தான் செய்கின்றன.

குறும்பன்

அப்படி ஒரு சேனலை நான் தடுத்தே வைத்திருக்கிறேன். மூன்று நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு விடைக்கு ஊரார் கமெண்ட்டைத் தோண்டச் சொன்னால் கோபம் வராதா?

மட்டக்களப்பு வாவி

எங்கள் அம்மம்மாவும் அப்படித்தானே செய்தார்? தோற்றேன் என்னும்வரை விடை இல்லை.

செல்வி டீச்சர்

அம்மம்மா பக்கத்திலேயே படுத்திருந்தார், ஐயா. தோற்றேன் என்றால் உடனே சொல்ல ஆள் இருந்தது. இருந்தாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எட்டில் கடைசி ஒன்றை மட்டும் அடுத்த வாரத்துக்கு விட்டுவைத்தால் என் வகுப்புப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். எட்டையும் விட்டால் வரமாட்டார்கள்.

சோழவந்தான் வெற்றிலை

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். எட்டு விடுகதையை ஐந்தாகக் குறைத்தேன். நீளம் ஏறக்குறைய பழையதுதான். வரிகளைத் திரையிலேயே நிறுத்தினேன், கடிகாரத்தை ஓரத்துக்குத் தள்ளினேன். பெரும்பாலானவற்றுக்கு ஏழு விநாடி, அம்மா சொல்லும் ஒற்றை வரி விடுகதைகளுக்கு ஐந்து. விடைக்கு எட்டு விநாடி. வசனங்களை உட்கார்ந்து எழுதினேன்.

பள்ளம் இருக்கிறது, ஆனால் ஆழம் குறைந்துவிட்டது. கடிகாரத்தின் நடுவில் ஏறும் மேடுகள் போய்விட்டன. தேன்கூட்டில் மட்டும் ஒரு சின்ன மேடு, "ஒருவன் கண்பட்டு" ஒளிரும் இடத்தில். வெட்டுமேசை அண்ணா, இதையாவது கைதட்டல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

சரிவராதது ஒன்று. டிக்டிக் ஒலியை எடுத்துவிட்டால் இடைவெளி செத்துக் கிடக்கிறது, வைத்தால் அம்மா "யாரோ விரட்டுகிற மாதிரி இருக்கிறது" என்கிறார். இரண்டு வீடியோவில் இரண்டு விதமாகப் போட்டேன், வரைபடத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

வெட்டுமேசை

எடுத்துக்கொள்ளலாம். :)

ஒலி விஷயத்தில் நான் டிக்டிக் பக்கம். அந்த அரை விநாடி அமைதி உறைக்க வேண்டுமானால் அதற்கு முன் ஏதாவது ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும்.

செல்வி டீச்சர்

நான் அம்மா பக்கம். கடிகாரத்தைக் கேட்டதும் என் பிள்ளைகள் விடையை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள்.

மல்லிகைப்பந்தல்

தங்கை பார்த்தாள். தேன்கூட்டைக் கண்டுபிடிக்கவில்லை. ஒலி பற்றி அவளுக்குக் கவலை இல்லை, ஓரத்து வட்டம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்கிறாள்.

சோழவந்தான் வெற்றிலை

வட்டத்தைப் பெரிதாக்கிவிடுகிறேன் அக்கா. ஒலிக்கு இன்று வேறொன்று சோதிக்கிறேன். பதிவின்போது விடுகதையைச் சொல்லிவிட்டு அம்மா வெற்றிலை இடிக்கிற சத்தம் ஒரு பதிவில் தற்செயலாக விழுந்திருக்கிறது. ஏழு விநாடியில் ஒன்பது இடி. அதையே கடிகாரத்துக்குப் பதிலாக வைத்துப் பார்க்கப் போகிறேன்.

மட்டக்களப்பு வாவி

இடி நின்றதும் விடை. போடுங்கள் தம்பி, பார்க்கிறேன்.